ஃபிக்ஸ்டா ஃப்ளோட்டிங்கா: 10 வருஷக் கடன்ல சராசரி ரேட்ட நம்பாதீங்க

"சார், மேடவாக்கத்துல ஒரு ரீசேல் ஃப்ளாட் பாத்திருக்கோம். 30 லட்சம் லோன், 10 வருஷம். ஒரு இடத்துல ஃபிக்ஸ்ட் 9.5, இன்னொரு இடத்துல ஃப்ளோட்டிங், இப்போதைக்கு 8.5. வேளச்சேரில சின்ன ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், மாச சம்பளம் கிடையாது. பத்து வருஷ சராசரி ரேட் 9.5-ஐ தாண்டும்னு தோணுச்சுன்னா ஃபிக்ஸ்ட் போ, இல்லன்னா ஃப்ளோட்டிங் போன்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா? எப்படி கணக்கு போட்டு பாக்கறது?"

ஃப்ரெண்ட் சொல்றது கேக்க சரியா இருக்கும், ஆனா கணக்குல நிக்காது. சராசரி 9.6 வந்தும் ஃப்ளோட்டிங் ஒண்ணரை லட்சத்துக்கு மேல லாபமா முடியலாம், அதே 9.6 சராசரில ஃப்ளோட்டிங் ஒண்ணேகால் லட்சம் நஷ்டமாவும் முடியலாம். ரெண்டையும் உங்க 30 லட்சத்த வச்சே கீழ போட்டு காட்றேன். வங்கில கடன் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்தவன் நான், இந்த ஒரு விஷயத்த புரிஞ்சுக்காம கையெழுத்து போட்டவங்கள நிறைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல காரணம். வட்டி போடறது மிச்சம் இருக்கற அசலுக்குத்தான். மொதல் வருஷம் கிட்டத்தட்ட முழு 30 லட்சமும் நிக்குது, பத்தாவது வருஷம் ஆரம்பிக்கறப்போ நாலரை லட்சம் கூட இருக்காது. அதனால ரேட் ஒரு பாயிண்ட் ஏறுனா மொதல் வருஷத்துல உங்களுக்கு அதிகமா போறது சுமார் 29,000 ரூபா, அதே ஒரு பாயிண்ட் பத்தாவது வருஷத்துல ஏறுனா சுமார் 2,400 ரூபா. பன்னெண்டு மடங்கு வித்தியாசம். சராசரி எடுக்கறவரு இந்த ரெண்டு வருஷத்தையும் ஒரே எடை போட்டுடறாரு, தப்பு அங்கதான் வருது. ஃபிக்ஸ்ட் 9.5-ல மொத்த வட்டி பத்து வருஷத்துக்கு 16.58 லட்சம் ஆகுது, அதுல 11.78 லட்சம் மொதல் அஞ்சு வருஷத்துலயே போயிடுது. அப்போ கேக்க வேண்டியது "ரேட் எவ்ளோ ஏறும்"னு இல்ல, "எப்போ ஏறும்"னு.

சரி, எப்படி ஒப்பிடறது. நிறைய பேரு பண்றது, ரெண்டுலயும் மொத்தமா எவ்ளோ கட்றோம்னு கூட்டி கழிச்சு பாக்கறது. அதுல ஒரு கோளாறு இருக்கு, ஃப்ளோட்டிங்ல மொதல் வருஷம் இ.எம்.ஐ கம்மியா இருக்கும், மிச்சமான காசு உங்க கைல இருக்கும், அது கடைக்கு சரக்கு எடுக்க போச்சா, வீட்டு செலவுல கரைஞ்சுதான்னு அந்த கணக்குல தெரியாது. அதனால நான் எப்பவும் சொல்ற வழி, ரெண்டு கடனுக்கும் ஒரே தொகைய கட்றதா வச்சுக்கோங்க. ஃபிக்ஸ்ட்ல வர்ற இ.எம்.ஐ என்னவோ அதையே ஃப்ளோட்டிங்லயும் மாசாமாசம் கட்டுங்க, ரேட் ஏறுனாலும் எறங்குனாலும் அதே தொகை. 120 மாசம் முடியறப்போ ஃபிக்ஸ்ட்ல பாக்கி பூஜ்யம் ஆகியிருக்கும். ஃப்ளோட்டிங்ல பாக்கி நின்னா ஃபிக்ஸ்ட் ஜெயிச்சுது, அதுக்கு முன்னாடியே கடன் முடிஞ்சுட்டா ஃப்ளோட்டிங் ஜெயிச்சுது. கைல இருந்து போற காசு ரெண்டுலயும் மாசாமாசம் ஒண்ணுதான்ங்கறதால வேற எந்த குழப்பமும் வராது, பதில் ஒரே ஒரு நம்பர்ல கிடைச்சுடும்.

உங்க கடனுக்கு 9.5-ல இ.எம்.ஐ 38,819 ரூபா. 8.5-ல 37,196. மாசத்துக்கு 1,620 ரூபா சொச்சம் வித்தியாசம். இந்த 1,620 ரூபாதான் ரேட் ஏறாம பாத்துக்க நீங்க குடுக்கற பிரீமியம்.

இப்போ மொதல் பாதை, எளிமையானது. பத்து வருஷமும் 8.5 அப்படியே நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அப்படி நடக்காது, ஆனா ஒரு எல்லைக்கோடு வேணும். 38,819 கட்டிட்டே வந்தா 113-வது மாசத்துல ஒரு சின்ன தொகையோட கடன் முடிஞ்சுடும், ஏழு மாசத்துக்கு மேல மிச்சம், காசா சொன்னா கிட்டத்தட்ட 3 லட்சம். அதே 8.5-ல நீங்க 37,196 மட்டும் கட்டி அந்த 1,620-ஐ கைல வச்சிருந்தா பத்து வருஷத்துல மிச்சம் 1.95 லட்சம். நடுவுல இருக்கற ஒரு லட்சம், மாசாமாசம் அசல்ல போய் விழுந்த காசுக்கு 8.5 வட்டி மிச்சமானதால வந்தது. ரேட் எறங்குற பாதைய நான் தனியா போடல, அங்க ஃப்ளோட்டிங் ஜெயிக்கும்ங்கறதுல சந்தேகமே இல்ல.

அடுத்த ரெண்டு பாதைதான் முக்கியம். ரெண்டுலயும் அதே பத்து ரேட்தான், வரிசைய மட்டும் மாத்தி வச்சிருக்கேன்.

சீக்கிரம் ஏறுற பாதை: மொதல் வருஷம் 8.5, ரெண்டாவது 10, அப்புறம் மூணு வருஷம் 11, ஆறாவது வருஷம் 10, ஏழாவது 9, கடைசி மூணு வருஷம் மறுபடியும் 8.5. சராசரி 9.6.

லேட்டா ஏறுற பாதை: மொதல் நாலு வருஷம் 8.5, அஞ்சாவது 9, ஆறாவது 10, அப்புறம் மூணு வருஷம் 11, கடைசி வருஷம் 10. இதுக்கும் சராசரி 9.6. எண்ணி பாருங்க, ஒரு ரேட் கூட கூடல குறையல.

உங்க ஃப்ரெண்ட் கணக்குப்படி ரெண்டுமே 9.5-ஐ தாண்டுது, ரெண்டுலயும் ஃபிக்ஸ்ட்தான் ஜெயிக்கணும். போட்டு பாத்தா, சீக்கிரம் ஏறுற பாதைல 120 மாசம் 38,819 கட்டி முடிச்ச அப்புறமும் 1.26 லட்சம் பாக்கி நிக்குது, மூணு இ.எம்.ஐக்கு கொஞ்சம் மேல. இங்க ஃபிக்ஸ்ட் ஜெயிக்குது, ஃப்ரெண்ட் சொன்னது சரிதான். லேட்டா ஏறுற பாதைல 116-வது மாசமே கடன் முடிஞ்சுடுது, கட்டாம விட்ட இ.எம்.ஐ எல்லாம் சேத்தா சுமார் 1.68 லட்சம் மிச்சம். மூணு வருஷம் 11 பெர்சன்ட் கட்டியும் ஃப்ளோட்டிங் ஜெயிக்குது. வரிசை மாறுனதுக்கு மட்டும் கிட்டத்தட்ட மூணு லட்சம் வித்தியாசம்.

இதுக்கு சரியான சராசரி வேணும்னா ஒவ்வொரு வருஷ ரேட்டையும் அந்த வருஷம் நிக்கற அசலோட எடை போட்டு எடுக்கணும். அப்படி எடுத்தா சீக்கிரம் ஏறுற பாதைக்கு சுமார் 9.9 வரும், லேட்டா ஏறுறதுக்கு சுமார் 9.2. ஒண்ணு 9.5-க்கு மேல, இன்னொண்ணு கீழ, ரிசல்ட்டோட பொருந்தி வருதா? ஃப்ரெண்டுகிட்ட சராசரி எடுக்காதேன்னு சொல்ல வேண்டாம், அசல் எடை போட்டு எடுன்னு சொல்லுங்க.

நீங்களே போட்டு பாக்க ஒரு ஷீட் போதும். A காலம்ல மாசம், B-ல அந்த மாச ரேட், C-ல பாக்கி. C2-ல 3000000 போட்டுட்டு, மூணாவது வரில இருந்து ரெண்டாவது ஃபார்முலாவ 120 மாசத்துக்கு இழுத்து விடுங்க. மொதல் ஃபார்முலா இ.எம்.ஐ பாக்கறதுக்கு மட்டும்.

```
=PMT(9.5/1200,120,-3000000)
=C2*(1+B3/1200)-38819
```

B காலம் பூரா 9.5 போட்டா C122-ல ஐம்பது அறுவது ரூபாய்க்குள்ள நிக்கும், பைசாவ விட்டுட்டதால வர்ற மிச்சம் அது. அப்படி வந்துட்டா ஷீட் சரியா இருக்குன்னு அர்த்தம், வரலன்னா ஃபார்முலால எங்கயோ செல் மாறியிருக்கு. அப்புறம் B-ல ரேட்ட மாத்தி மாத்தி பாருங்க. C நடுவுலயே மைனஸ் ஆச்சுன்னா அந்த மாசம் கடன் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கணும், அதுக்கு கீழ வர்ற நம்பர பாக்க வேண்டாம். நான் வருஷத்துக்கு ஒரு தடவ ரேட் மாறுற மாதிரி போட்டிருக்கேன், நிஜத்துல ரெப்போவோட, அதாவது ரிசர்வ் வங்கி மத்த வங்கிகளுக்கு கடன் குடுக்கற ரேட்டோட, கட்டுன லோன் மூணு மாசத்துக்கு ஒரு தடவயாவது ரீசெட் ஆகணும், அதனால ஏறுனாலும் எறங்குனாலும் உங்களுக்கு இன்னும் சீக்கிரமாவே வந்து சேரும்.

இந்த ஷீட்ட வச்சு நான் எல்லாருக்கும் போட்டு காட்ற இன்னொரு கணக்கு இருக்கு, எனக்கு பாதைகள விட இதுதான் உதவியா தெரியுது. 8.5 சில வருஷம் நின்னுட்டு ஒரே தாவா ஒரு ரேட்டுக்கு ஏறி அங்கயே கடைசி வரைக்கும் நிக்குதுன்னு வச்சுப்போம், எவ்ளோ ஏறுனா ரெண்டு கடனும் சமம் ஆகும்? மொதல் வருஷம் முடிஞ்ச உடனே ஏறுனா 9.8 போதும், அதுக்கு மேல போனா ஃபிக்ஸ்ட் லாபம். மூணு வருஷம் 8.5 நின்னுட்டு அப்புறம் ஏறுனா 10.8 வரைக்கும் தாங்கும். அஞ்சு வருஷம் நின்னுட்டா 13.4 வரைக்கும் தாங்கும்.

இத ரெப்போல மாத்தி பாருங்க. டிசம்பர் 2025-ல ரிசர்வ் வங்கி ரெப்போவ 5.25-க்கு கொண்டு வந்துச்சு. அத வச்சு உங்களுக்கு 8.5 சொல்றாங்கன்னா, ரெப்போ மேல வங்கி சேக்கற ஸ்ப்ரெட் 3.25. அப்போ 9.8-ங்கறது ரெப்போ 6.55, 10.8-ங்கறது 7.55, 13.4-ங்கறது 10-க்கு மேல. 2008-ல ரெப்போ உச்சத்துக்கு போனப்பவே 9-தான் தொட்டுச்சு. அதனால அஞ்சு வருஷம் ஏறாம தாண்டிட்டீங்கன்னா அப்புறம் ஏறுறத பத்தி பெருசா கவலைப்பட வேண்டியதில்ல. ஆபத்து மொதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துலதான், அங்க 6.5-ங்கறது தூரத்துல இல்ல, பிப்ரவரி 2023-ல இருந்து பிப்ரவரி 2025 வரைக்கும் ரெண்டு வருஷம் ரெப்போ அங்கதான் நின்னுச்சு.

ஏறுற வேகமும் நியாபகம் வச்சுக்கோங்க. மே 2020-ல 4-ல இருந்தது, ரெண்டு வருஷம் அசையாம கிடந்துச்சு, மே 2022-ல ஆரம்பிச்சு பிப்ரவரி 2023-க்குள்ள 6.5 ஆயிடுச்சு, ஒம்போது மாசத்துல ரெண்டரை பாயிண்ட். நான் சீக்கிரம் ஏறுற பாதைல 8.5-ல இருந்து 11 போட்டதும் அதே ரெண்டரை பாயிண்ட்தான், வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா உச்சத்துல ரெண்டுக்கு பதிலா மூணு வருஷம் நிக்க வச்சிருக்கேன், அந்த வகைல நடந்தத விட கடுமை. அப்படி இருந்தும் நஷ்டம் 1.26 லட்சத்தோட நின்னுது. சும்மா 8.5-லயே நின்னா லாபம் 3 லட்சம்ங்கறத பக்கத்துல வச்சு பாருங்க.

அடுத்தது இ.எம்.ஐ பயம். கடை வச்சிருக்கறவங்களுக்கு இது நியாயமான பயம், ஐப்பசி கார்த்திகைல மழை பெஞ்சு வேளச்சேரி பக்கம் தண்ணி நின்னா ஒரு மாச வியாபாரமே போயிடும், அந்த நேரத்துல இ.எம்.ஐயும் ஏறுனா என்ன பண்றதுன்னு தோணும். எவ்ளோ ஏறும்னு பாப்போம். சீக்கிரம் ஏறுற பாதைல, நீங்க 37,196-ல ஆரம்பிச்சு, டென்யூர் பத்து வருஷத்த தாண்டாம இ.எம்.ஐய ஏத்திக்கிட்டே போனா, ரெண்டாவது வருஷம் 39,435, மூணாவது வருஷம் 11 ஆனப்போ 40,823. அதுதான் உச்சம். ஃபிக்ஸ்ட் இ.எம்.ஐய விட 2,000 ரூபா அதிகம். 10 வருஷக் கடன்ல இ.எம்.ஐல நாப்பது பெர்சன்ட்டுக்கு மேல ஆரம்பத்துல இருந்தே அசலுக்கு போகுது, அதனாலதான் ரேட் ரெண்டரை பாயிண்ட் ஏறியும் இ.எம்.ஐ பத்து பெர்சன்ட்க்குள்ள நிக்குது. இந்த 2,000-ஐ தாங்க முடியுமான்னு வீட்ல உக்காந்து ஒரு தடவ பேசிடுங்க, முடியும்னா பயத்துக்காக ஃபிக்ஸ்ட் போக வேண்டியதில்ல.

20 வருஷக் கடன்ல கதையே வேற. அதே 30 லட்சம் 8.5-ல 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ 26,035. ஒரு வருஷம் கழிச்சு ரேட் 11 ஆச்சுன்னா அந்த மாச வட்டி மட்டுமே சுமார் 26,950. இ.எம்.ஐ வட்டிக்கே பத்தாது, அசல் குறையறதுக்கு பதிலா வளரும். 2022-23-ல நிறைய பேரோட டென்யூர் அவங்க ரிடையர் ஆகற வயச தாண்டி போனதுக்கு காரணம் இந்த மாதிரி கணக்குதான். அதனால உங்க சொந்தக்காரங்க யாராவது 20 வருஷக் கடன் வாங்கிட்டு இந்த பதில காட்டி "ஃப்ளோட்டிங் பயமில்லையாம்"னு சொன்னா தயவு செஞ்சு தடுத்துடுங்க, நான் போட்டிருக்கறது 10 வருஷத்துக்கு மட்டும்.

அந்த டென்யூர் விஷயம் உங்களையும் தொடும், அத கவனிங்க. ரேட் ஏறுனா நிறைய இடத்துல தானாவே இ.எம்.ஐய அப்படியே விட்டுட்டு மாசத்த நீட்டிடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமே தெரியாது, அக்கவுண்ட்ல இருந்து அதே 37,196 போயிட்டு இருக்கும். சீக்கிரம் ஏறுற பாதைல மூணாவது வருஷ ஆரம்பத்துல பாக்கி 96 மாசம் இருக்கணும், நீட்டி விட்டா 114 மாசத்துக்கு மேல ஆயிடும். ஒண்ணரை வருஷம் கூடிப்போச்சு, யாரும் எதுவும் சொல்லல. ஆகஸ்ட் 2023-ல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ரீசெட்னால இ.எம்.ஐயோ மாசமோ மாறுனா உங்களுக்கு சொல்லணும், இ.எம்.ஐ ஏத்தறதா மாசத்த நீட்டறதா ரெண்டும் கலந்தான்னு உங்ககிட்ட கேக்கணும், வட்டிய கூட மூடாத அளவுக்கு நீட்டக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டேட்மெண்ட் தரணும், அதுல பாக்கி எத்தன இ.எம்.ஐன்னு ஒரு எண் இருக்கும். ஆப்ல இ.எம்.ஐ தொகைய பாக்காதீங்க, இந்த நம்பரத்தான் பாக்கணும். மூணு மாசத்துல அது மூணு குறையலன்னா நீட்டிட்டாங்கன்னு அர்த்தம், உடனே ப்ராஞ்ச்சுக்கு எழுதிக் குடுத்து இ.எம்.ஐய ஏத்தச் சொல்லுங்க.

இதனாலதான் மொதல்ல இருந்தே 38,819 கட்டுங்கன்னு சொல்றேன். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்ல முன்கூட்டி கட்றதுக்கு சார்ஜ் வாங்கக்கூடாது, 2012-ல இருந்தே வங்கிகளுக்கு இந்த விதி இருக்கு. 1,620 ரூபாவ மாசாமாசம் பார்ட் பேமெண்டா போடலாம், சில இடத்துல சின்னத் தொகைய ஏத்துக்க மாட்டாங்க, அப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சேத்து பத்தாயிரமா போடுங்க, கணக்கு பெருசா மாறாது. போடறப்போ "டென்யூர குறைங்க, இ.எம்.ஐய இல்ல"ன்னு கேட்டு போடணும், கேக்கலன்னா சில இடத்துல இ.எம்.ஐய குறைச்சுடுவாங்க, நீங்க பண்ணது வீணாயிடும். ரேட் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷம் இப்படி போட்டுட்டீங்கன்னா ஏறுறப்போ அடி வாங்கற அசலே சின்னதா இருக்கும். 8.5-ல மூணு வருஷம் இப்படி கட்டுனா பாக்கி 22.82 லட்சம், ஃபிக்ஸ்ட்ல 23.75 லட்சம், 93,000 ரூபா முன்னாடி ஓடியிருப்பீங்க. 10.8 வரைக்கும் தாங்கும்னு சொன்னேனே, அந்த தெம்பு இந்த 93,000-ல இருந்துதான் வருது. அந்த 1,620-ஐ கட்டாம செலவு பண்ணிட்டீங்கன்னா மேல போட்ட கணக்கு எதுவும் உங்களுக்கு பொருந்தாது.

இப்போ ஃபிக்ஸ்ட் பக்கம். உங்களுக்கு சொன்ன 9.5 பத்து வருஷத்துக்கும் ஃபிக்ஸ்டான்னு சாங்ஷன் லெட்டர்ல பாத்தீங்களா? வாயால "ஃபிக்ஸ்ட்"னு சொல்றதுல நிறைய மொதல் ரெண்டு மூணு வருஷம் மட்டும் ஃபிக்ஸ்ட், அப்புறம் அன்னைக்கு இருக்கற ஃப்ளோட்டிங் ரேட்டுக்கு மாறிடும். சிலதுல பத்து வருஷம்னு போட்டிருக்கும், ஆனா உள்ள ஒரு ஷரத்துல சந்தை நிலவரம் ரொம்ப மாறுனா ரேட்ட மாத்த எங்களுக்கு உரிமை உண்டுன்னு எழுதியிருக்கும். மூணு வருஷம் மட்டும் ஃபிக்ஸ்ட்னா நீங்க வாங்கற பாதுகாப்பு ரொம்ப சின்னது, மூணு வருஷத்துக்கு பிரீமியம் கட்டிட்டு, ரேட் அந்த மூணு வருஷத்துக்குள்ள 9.5-ஐ நல்லா தாண்டி நின்னாத்தான் காசு திரும்பி வரும், நாலாவது வருஷம் ஏறுனா கட்டுன 93,000-ஐயும் விட்டுட்டு ஏத்தத்தையும் சேத்து வாங்கணும். அந்த மாதிரி ஆஃபர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ஃபிக்ஸ்ட்ல போனப்புறம் ரேட் எறங்குனா வெளிய வர்றது காசு பிடிக்கற வேலை. ஃபிக்ஸ்ட் கடன முன்னாடியே முடிக்க சார்ஜ் இருக்கலாம், வேற வங்கிக்கு மாத்துனா அங்க ப்ராசஸிங் ஃபீஸ், லீகல், மறுபடியும் எம்.ஓ.டிங்கற அடமானப் பத்திரத்த ரிஜிஸ்டர் பண்ற செலவு, சப் ரிஜிஸ்டிரார் ஆஃபீஸ்ல ஒரு நாள் கடைய மூடிட்டு நிக்கணும். ஃப்ளோட்டிங்ல எறங்குனா தானா எறங்கும். இந்த ஒருபக்க சாய்வு ஷீட்ல வராது, அதனால ஷீட்ல ரெண்டும் சமம்னு வந்தா நான் ஃப்ளோட்டிங் பக்கம்தான் நிப்பேன்.

ஆனா ஃப்ளோட்டிங்லயும் எதோட கட்டியிருக்காங்கன்னு பாக்கணும். வங்கின்னா அக்டோபர் 2019-ல இருந்து புது வீட்டுக்கடன் ஃப்ளோட்டிங்ல குடுத்தா ரெப்போ மாதிரி ஒரு வெளி ரேட்டோட கட்டணும்னு விதி. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்த விதி கிடையாது, அவங்க தங்களோட சொந்த ரேட்ட வச்சுக்கலாம். அது ரெப்போ ஏறுனா சீக்கிரம் ஏறி, ரெப்போ எறங்குனா மெதுவா எறங்கறத நான் பாத்திருக்கேன். உங்க 8.5 அப்படிப்பட்ட இடத்துல இருந்து வந்ததுன்னா நான் மேல ரெப்போவ வச்சு சொன்ன எல்லைகள அப்படியே எடுத்துக்காதீங்க, ஷீட்ல ரேட் எறங்கறத ஒரு வருஷம் தள்ளி போட்டு பாருங்க.

ஸ்ப்ரெட் 3.25-ங்கறதும் எனக்கு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது. கடை வருமானம்ங்கறதால ஏத்திருப்பாங்க. மூணு வருஷ ஐ.டி ரிட்டர்ன், ஜி.எஸ்.டி ரிட்டர்ன், நடப்புக் கணக்கு ஸ்டேட்மெண்ட் சுத்தமா இருந்து சிபில் ஸ்கோரும் நல்லா இருந்தா இன்னும் ரெண்டு வங்கில கேளுங்க. கால் பாயிண்ட் குறைஞ்சா கூட அது மொதல் வருஷத்துல இருந்தே கிடைக்கும், நிக்கற அசல் பெருசா இருக்கற நேரத்துல.

உங்களுக்கு என் கருத்து: ரெப்போவோட கட்டுன ஃப்ளோட்டிங் எடுத்து 38,819 கட்டுங்க. நான் ஃபிக்ஸ்ட் சொல்லியிருப்பேன், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரு பாயிண்ட் இல்லாம கால் அரை பாயிண்டா இருந்து, பத்து வருஷமும் நிஜமா ஃபிக்ஸ்டா இருந்திருந்தா. இல்ல, மாசம் 38,819-ஏ உங்களுக்கு இழுத்துப் பிடிச்சுத்தான் கட்ட முடியும்னா அப்பவும் 2,000 ஏறுறது ஆபத்து, ஆனா அந்த நிலைமைல நான் ஃபிக்ஸ்டும் சொல்ல மாட்டேன், 30 லட்சத்த குறைங்கன்னுதான் சொல்வேன்.

ப்ராஞ்ச்சுக்கு போறப்போ ஃப்ளோட்டிங் குடுக்கறவங்ககிட்ட மூணு விஷயத்த எழுத்துல கேட்டு வாங்குங்க: எந்த ரேட்டோட கட்டியிருக்கு, ஸ்ப்ரெட் எவ்ளோ, ரீசெட் எந்த மாசம். ஃபிக்ஸ்ட் குடுக்கறவங்ககிட்ட எத்தன மாசத்துக்கு ஃபிக்ஸ்ட், ரேட்ட மாத்தற ஷரத்து எந்த பக்கத்துல இருக்கு, முன்னாடி முடிச்சா சார்ஜ் எவ்ளோ. இந்த பதில்கள் கிடைச்சதும் ஷீட்ல 8.5-க்கும் 9.5-க்கும் பதிலா உங்க நிஜ ரேட்ட போட்டு, இ.எம்.ஐயையும் மாத்தி, சீக்கிரம் ஏறுற பாதைய ஒரு தடவ ஓட்டி பாருங்க. C122-ல நிக்கற தொகைய இங்க போடுங்க, சேந்து பாக்கலாம்.